புகைப்படமாக வந்த பணி விபரத்திலிருந்து நேர்முகப் பரீட்சை வினாக்களை எடுப்பது எப்படி? (கனிஷ்ட கணக்காளர், நுவரெலியா)

கொட்டகலை வாசகி, 2025.11.06, இரவு 8.40

நுவரெலியாவில் உரமும் விவசாய உபகரணங்களும் விநியோகிக்கும் ஒரு நிறுவனம் கனிஷ்ட கணக்காளர் ஒருவரைத் தேடுகிறது. அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த பணி விபரத்தை ஒரு தோழி கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினாள். நேர்முகப் பரீட்சை அடுத்த வாரக் கடைசியில் நடக்கவிருக்கிறது. என்னிடம் உயர்தர வணிகப் பிரிவுத் தகைமையும், ஏ.ஏ.ரி. பரீட்சைகளின் ஒரு பகுதியும், ஒரு மரக்கறி மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதிய அனுபவமும் உள்ளன.

படத்தில் தெளிவாக வாசிக்க முடிந்தவை நான்கு: காசேட்டையும் சில்லறைக் காசையும் நாளாந்தம் எழுதுதல், மாதாந்த வங்கிக் கணக்கிணக்கக் கூற்று தயாரித்தல், வாடிக்கையாளர் நிலுவைகளையும் பின்திகதிக் காசோலைப் பதிவேட்டையும் பேணுதல், ஊழியர் சேமலாப நிதி மற்றும் நம்பிக்கைப் பொறுப்பு நிதி ஆவணங்களைத் தயாரித்தல். ஐந்தாவது வரியின் மேல் பிளாஷ் வெளிச்சம் விழுந்திருப்பதால் கடைசியில் “பதிவேடு” என்பது மாத்திரம் தெரிகிறது. அதற்குக் கீழே தாள் வெட்டுப்பட்டுள்ளது.

இந்த வரிகளிலிருந்து எந்த வினாக்கள் வரும் என்பதையும் அவற்றுக்கு எப்படி விடை சொல்வது என்பதையும் இங்கே எழுதிப் பார்க்க விரும்புகிறேன்.

மஸ்கெலியா மாணவன், 2025.11.06, இரவு 9.15

இலங்கைக் கணக்காளர் சேவைக்கான போட்டிப் பரீட்சைக்கு நானும் தயாராகிக்கொண்டிருக்கிறேன். கடந்தகால வினாத்தாள்களை வாங்கிப் பயிற்சி செய்தால் போதுமானது.

கொட்டகலை வாசகி, 2025.11.06, இரவு 9.22

தம்பி, இது அரசாங்கப் பரீட்சை அன்று. தனியார் நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சை. அதற்கு வினாத்தாள் கிடையாது. கையில் இருப்பது இந்தப் படம் ஒன்றுதான்.

பண்டாரவளைக் கணக்காளர், 2025.11.07, காலை 6.10

இத்தகைய நேர்முகங்களில் மேசையின் மறுபக்கத்தில் நான் அமர்ந்திருக்கிறேன் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். பணி விபரத்தின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் மாத இறுதியில் கைமாறும் ஒரு தாள் இருக்கிறது. அந்தத் தாளில் வழக்கமாக எது பிழைக்கும் என்று யோசித்தால் வினா தானாக வந்துவிடும். “வங்கிக் கணக்கிணக்கக் கூற்று என்றால் என்ன” என்று நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. மனப்பாடம் செய்தவர் அதற்கு விடை சொல்லிவிடுவார். “காசேடு ஒரு தொகையைக் காட்டுகிறது, வங்கிக் கூற்று வேறொன்றைக் காட்டுகிறது, முதலில் எதை எடுத்துப் பார்ப்பீர்கள்” என்றுதான் கேட்பேன். அதற்கு வரும் விடையின் ஒழுங்கிலிருந்தே அந்த வேலையைக் கையால் செய்தவர் யாரென்று தெரிந்துவிடும்.

ஆகவே தங்கச்சி, நாற்பது வினாக்களை எழுதிக் குவிக்க வேண்டாம். வரிக்கு ஒரு வினாவையும், அதற்கு அடுத்ததாக வரக்கூடிய குறுக்கு வினா ஒன்றையும் எழுதுங்கள். விடையை ஒரு சிறிய கணக்கோடு தயாரியுங்கள்.

கொட்டகலை வாசகி, 2025.11.07, இரவு 7.55

வங்கி வரியில் தொடங்குகிறேன். நானாக அமைத்த கணக்கு இது. ஒக்ரோபர் 31 அன்று காசேட்டு மீதி ரூபா 412,600, வங்கிக் கூற்றின் மீதி ரூபா 468,950. நாம் எழுதிக் கொடுத்தும் வங்கிக்கு வராத காசோலைகள் இரண்டு, 38,500 உம் 27,000 உம். நாம் வைப்புச் செய்தும் வங்கி இன்னும் வரவு வைக்காத காசோலை 12,400. வங்கிக் கட்டணம் 1,250. வாடிக்கையாளர் ஒருவர் எமக்கு அறிவிக்காமல் நேரடியாகக் கணக்கில் போட்ட பணம் 22,500. திரும்பி வந்த காசோலை ஒன்று 18,000.

இதை வாயால் எந்த ஒழுங்கில் சொல்வது?

ஹட்டன் கடைக்கணக்கு, 2025.11.07, இரவு 8.30

எங்கள் கடையில் பதினைந்து வருடமாக நான்தான் கணக்கு எழுதுகிறேன். வித்தியாசம் எங்கே என்று தெரிந்த பின் எல்லாவற்றையும் காசேட்டில் பதிந்துவிட்டால் வங்கியின் தொகைக்குக் காசேடு வந்துவிடும். கூற்று எல்லாம் பரீட்சைக்காரர்களுக்கானது.

பண்டாரவளைக் கணக்காளர், 2025.11.08, காலை 6.05

அண்ணா சொல்வதில் பாதி சரி. வங்கிக் கட்டணம், நேரடி வைப்பு, திரும்பிய காசோலை ஆகிய மூன்றும் வங்கிக்குத் தெரிந்து எமக்குத் தெரியாமல் இருந்தவை, ஆகவே காசேட்டில் பதியத்தான் வேண்டும். வங்கிக்கு வராத காசோலைகளையும் தேறாத வைப்பையும் நாம் ஏற்கனவே காசேட்டில் எழுதிவிட்டோம். அவற்றை மறுபடி தொட்டால், உரம் தந்தவருக்கு நாம் காசோலை கொடுத்துவிட்டோம் என்ற உண்மையே ஏட்டிலிருந்து மறைந்துபோகும். அந்தக் காசோலை அடுத்த வாரம் வங்கிக்கு வரும்போது கணக்கில் பணம் போதாமல் நிற்கும்.

வாயால் சொல்லும் ஒழுங்கு இப்படி இருக்கலாம்:

“முதலில் கடந்த மாதக் கூற்றை எடுத்து, அன்று நிலுவையாக இருந்த காசோலைகள் இந்த மாதம் வங்கியைத் தாண்டிவிட்டனவா என்று பார்ப்பேன். பிறகு இந்த மாதத்து வங்கிக் கூற்றையும் காசேட்டையும் வரிக்கு வரி அடையாளமிடுவேன். வங்கியில் மட்டும் உள்ளவற்றைக் காசேட்டில் பதிவேன்: 412,600 இல் 1,250 ஐயும் 18,000 ஐயும் கழித்து 22,500 ஐக் கூட்டினால் 415,850 வருகிறது. பிறகு வங்கி மீதி 468,950 இலிருந்து எம்மிடம் மட்டும் உள்ள காசோலைகள் 65,500 ஐக் கழித்து 12,400 ஐக் கூட்டுவேன். அதுவும் 415,850.”

கடந்த மாதக் கூற்றை முதலில் எடுப்பேன் என்று சொல்பவரை நான் உடனே கவனிப்பேன். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். குறுக்கு வினா இவ்விரண்டில் ஒன்றாக இருக்கும். முதலாவது, “இரண்டு பக்கமும் 900 ரூபாவால் பொருந்தவில்லை என்றால்?” வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றிப் பிரியுமானால், 5,400 ஐ 4,500 என்று எழுதியது போல இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் தேட வேண்டும். அது நிச்சயமான சான்று அன்று; தேடுவதற்கு ஒரு நல்ல இடம், அவ்வளவுதான். இரண்டாவது, “ஏழு மாதமாக வங்கிக்கு வராத காசோலையை என்ன செய்வீர்கள்?” இங்கே காசோலை திகதியிலிருந்து ஆறு மாதத்தின் பின் காலாவதியாகிறது. பெற்றவரைத் தொடர்புகொண்டு விசாரித்த பின், கணக்காளரின் அனுமதியோடு பதிவை மறுபக்கம் திருப்பி அவருக்குரிய கடனை மீண்டும் காட்ட வேண்டும். அதை வருமானமாக எழுதிவிடுவேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

கொட்டகலை வாசகி, 2025.11.08, மாலை 5.20

கணினியில் செய்து காட்டச் சொல்லலாம் என்று தோழி சொல்கிறாள். எக்செலில் காசேடு ஒரு தாளிலும் வங்கிக் கூற்று Bank என்ற தாளிலும் இருக்கும்போது, காசோலை இலக்கம் B இலும் தொகை C இலும் இருந்தால், நான் இதைப் பயன்படுத்துகிறேன்:

```
=COUNTIFS(Bank!$B:$B,B2,Bank!$C:$C,C2)
```

பூச்சியம் வந்தால் அது எம்மிடம் மட்டும் உள்ள காசோலை, அல்லது இலக்கமோ தொகையோ இரண்டு தாளிலும் வேறாகப் பதிந்த காசோலை.

பண்டாரவளைக் கணக்காளர், 2025.11.08, இரவு 9.00

சரி, ஆனால் அது ஒரு திசையில் மாத்திரம் பார்க்கிறது. வங்கிக் கட்டணம் காசேட்டில் இல்லவே இல்லை என்பதால் இந்தச் சூத்திரத்தின் கண்ணில் படாது. Bank தாளிலிருந்து காசேட்டை நோக்கி இன்னொரு முறை போட வேண்டும். “ஏன் இரண்டு முறை” என்று கேட்பார்கள், அதற்கு விடை வைத்திருங்கள்.

ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர், 2025.11.09, காலை 10.40

தலவாக்கலைப் பக்கம் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதியவன் என்ற முறையில் சேமலாப நிதி வரியைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். எங்கள் காலத்தில் பெயர்தான் பெரிய தலைவலி. ஒரே டிவிசனில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக் கூட்டல், தோட்டப் பதிவில் இன்னொன்று, சேமலாப நிதிக் கணக்கில் மூன்றாவது. ஓய்வு பெற்று நிதியை எடுக்கப் போகும் நாளில்தான் அந்த வித்தியாசம் தொழிலாளிக்குத் தெரியவரும். பிறகு சத்தியக்கடதாசிக்கும் கிராம சேவகரிடமும் அலைய வேண்டும். பெயரை நம்பாதீர்கள், அடையாள அட்டை இலக்கத்தையும் அங்கத்துவ இலக்கத்தையும் பாருங்கள்.

இந்தப் பிள்ளைக்கு இதனால் பயன் உண்டோ தெரியாது. எழுதத் தோன்றியது, எழுதிவிட்டேன்.

கொட்டகலை வாசகி, 2025.11.09, பகல் 1.15

மிகவும் பயன் உண்டு ஐயா. “சேமலாப நிதிப் படிவத்தை அனுப்புவதற்கு முன் எதைச் சரிபார்ப்பீர்கள்” என்ற வினாவுக்கு இதுவே விடையாகிவிடும். எங்கள் அம்மாவின் அட்டையிலும் இதே கதைதான் என்பதால் வாயில் நன்றாக வரும்.

ஹட்டன் கடைக்கணக்கு, 2025.11.09, பகல் 2.00

சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்குமாகச் சேர்த்து இருபத்து மூன்று வீதம். சம்பளத்தில் அதைக் கழித்து அனுப்ப வேண்டும். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

பண்டாரவளைக் கணக்காளர், 2025.11.09, இரவு 8.45

அண்ணா, கூட்டுத்தொகை சரி, கழிப்பதுதான் பிழை. தொழிலாளியின் சம்பளத்தில் கழிப்பது 8 வீதம் மாத்திரம். 12 வீதத்தைத் தொழில் வழங்குநர் தன் பணத்திலிருந்து சேமலாப நிதிக்கும், 3 வீதத்தை நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் செலுத்துகிறார். அந்த 15 வீதத்தைத் தொழிலாளியிடம் கழிப்பது சட்டத்துக்கு மாறானது. நேர்முகத்தில் இதைச் சொன்னால் அதோடு கதவு மூடிவிடும்.

இந்த வரியில் பலரை விழுத்துகிற வினா மேலதிக நேரக் கொடுப்பனவு பற்றியது. ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 50,000, மேலதிக நேரம் 6,000 என்று வைத்துக்கொள்வோம். மேலதிக நேரக் கொடுப்பனவு இந்நிதிகளுக்கான உழைப்பில் சேராது. ஆகவே கழிவு 4,000; அவர் கையில் பெறுவது 52,000. நிறுவனம் தன் பங்காக 6,000 ஐயும் 1,500 ஐயும் சேர்க்கிறது. சேமலாப நிதிக்கு மொத்தமாகப் போவது 10,000. அந்த ஊழியருக்காக நிறுவனத்துக்கு ஏற்படும் செலவு 63,500. இந்தக் கடைசித் தொகையைத்தான் முகாமையாளர்கள் கேட்பார்கள். மாணவர்கள் 56,000 என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். பணம் அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் போய்ச் சேர வேண்டும், தாமதித்தால் மேலதிகக் கட்டணம் உண்டு.

ஹட்டன் கடைக்கணக்கு, 2025.11.09, இரவு 9.10

எங்கள் முதலாளி சரியாகத்தான் செலுத்துகிறார், நான்தான் எழுத்தில் அவசரப்பட்டுவிட்டேன் என்று எல்லோருக்கும் அறியத் தருகிறேன். தொழில் திணைக்களத்துக்கு யாரும் எழுதிவிட வேண்டாம்.

கொட்டகலை வாசகி, 2025.11.10, இரவு 8.05

பின்திகதிக் காசோலை வரி எனக்குத் தெரிந்த உலகம். மரக்கறி வியாபாரியிடம் வருகிற காசோலைகளில் பெரும்பாலானவை ஒரு மாதம், இரண்டு மாதம் முன்தள்ளிய திகதியோடுதான் வரும். வினாவை இப்படி எழுதியிருக்கிறேன்: “விற்பனைப் பிரதிநிதி டிசம்பர் 20 ஆம் திகதியிட்ட காசோலை ஒன்றை இன்று உங்கள் மேசையில் வைக்கிறார். என்ன செய்வீர்கள்?”

என் விடை: “திகதி, தொகையின் எழுத்தும் இலக்கமும், கையொப்பம், பெறுநர் பெயர் ஆகியவற்றைப் பார்ப்பேன். பதிவேட்டில் வங்கி, காசோலை இலக்கம், உரிய திகதி, எந்த விலைப்பட்டியல்களுக்கானது என்பவற்றை எழுதிப் பெட்டகத்தில் வைப்பேன். இன்று காசேட்டில் வரவாக எழுத மாட்டேன். டிசம்பர் 20 வரை அந்த வாடிக்கையாளர் எம் ஏட்டில் கடன்பட்டவராகவே இருப்பார்.”

மேலே உள்ள கணக்கின் 18,000 இப்படித் திரும்பிய ஒரு காசோலை என்று வைத்தால், இரண்டு வரிகளையும் ஒரே விடையில் இணைத்துவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது. காசேட்டின் கொடுப்பனவுப் பக்கத்தில் எழுதி, வாடிக்கையாளர் கணக்கில் மீண்டும் பற்று வைத்து, அன்றே விற்பனைப் பிரிவுக்கு அறிவிப்பேன். அறிவிக்காவிட்டால் அதே நாளில் அவருக்கு இன்னொரு லொறி உரம் கடனுக்குப் போய்விடும்.

பண்டாரவளைக் கணக்காளர், 2025.11.11, காலை 6.20

கடைசி வாக்கியம் பாடப்புத்தகத்தில் வராது. அதை விட்டுவிடாதீர்கள். ஒரு திருத்தம்: சில நிறுவனங்கள் காசோலை கிடைத்த நாளிலேயே வாடிக்கையாளர் கணக்கிலிருந்து எடுத்து, “கையிருப்புப் பின்திகதிக் காசோலைகள்” என்ற தனிக் கணக்கில் வைக்கின்றன. கடன் எல்லையைக் கணக்கிடும்போது இரண்டையும் கூட்டிப் பார்க்கிறார்களா என்பதே முக்கியம். ஆகவே விடையின் முடிவில் “இங்கே என்ன நடைமுறை உள்ளது” என்று அடக்கமாகக் கேளுங்கள்.

ஹட்டன் கடைக்கணக்கு, 2025.11.11, காலை 7.45

திரும்பிய காசோலைக்கு வங்கி வெட்டுகிற கட்டணத்தை யார் ஏற்பது? நாங்கள் வாடிக்கையாளர் தலையில்தான் போடுகிறோம்.

பண்டாரவளைக் கணக்காளர், 2025.11.11, இரவு 9.30

நான் வேலை செய்த இரண்டு இடங்களில் இரண்டு விதமாகச் செய்தார்கள். பழைய வாடிக்கையாளரிடம் அறவிட்டால் கணக்கு சரியாகும், உறவு முறியும். இதற்கு ஒரே விடை இல்லை. கேட்டால் இரு பக்கத்தையும் சொல்லி, முடிவு முகாமையாளருடையது என்று நிறுத்த வேண்டும்.

மஸ்கெலியா மாணவன், 2025.11.12, மாலை 4.10

எல்லாவற்றையும் தமிழில் தயாரிக்கிறீர்கள். ஆங்கிலத்தில் கேட்டால் என்ன செய்வது?

கொட்டகலை வாசகி, 2025.11.12, இரவு 7.30

நல்ல கேள்வி தம்பி. அங்கே ஆங்கிலமும் சிங்களமும் கலந்துதான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். வசனங்களை மனப்பாடம் செய்யாமல், 415,850 க்கு வருகிற கணக்கை மூன்று மொழியிலும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறேன். தாளையும் பேனாவையும் கேட்டு வாங்கி எழுதிக் காட்டினால் பாதி மொழிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். உயர்தரத்தில் தமிழ் மொழிமூலம் படித்ததைப் பற்றிக் கேட்டால் மறைக்கப் போவதில்லை.

இன்னொரு விடயம். தோழி இன்று அந்தப் பக்கம் போனபோது பிளாஷ் இல்லாமல், சற்றுச் சரிவாக நின்று இரண்டாவது படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். ஐந்தாவது வரி “நிலையான சொத்துப் பதிவேடு”. இருப்புப் பதிவேடு என்று நினைத்து இரண்டு இரவுகள் உரமூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வெட்டுப்பட்ட பகுதியில் “பிரதம கணக்காளருக்கு அறிக்கையிடல்” என்றும் இருக்கிறது.

பண்டாரவளைக் கணக்காளர், 2025.11.13, காலை 5.50

அந்த இரண்டாவது வரி பெறுமதியானது. உங்களுக்கு மேலே ஒரு பிரதம கணக்காளர் இருக்கிறார் என்றால், தீர்மானம் எடுக்கும் வினாக்களுக்கு “அவரிடம் இன்ன தாளோடு போவேன்” என்று விடை சொல்லலாம். வெறுமனே “கேட்பேன்” என்பதற்கும் தாளோடு போவதற்கும் வித்தியாசம் உண்டு.

சொத்துப் பதிவேட்டுக்கு ஒரு கணக்குப் போதும். விநியோக லொறி ஒன்று, கிரயம் 4,800,000, ஐந்து வருட ஆயுள், எச்சப் பெறுமதி இல்லை, நேர்கோட்டு முறை. வருடத்துக்கு 960,000, மாதத்துக்கு 80,000. ஜூலையில் பணம் கட்டியாயிற்று. உடற்பகுதி பொருத்தி, பதிவு முடிந்து, செப்டம்பர் 1 அன்றுதான் ஓடத் தயாரானது. நிதியாண்டு மார்ச் 31 இல் முடிகிறது. பெறுமானத் தேய்வு எவ்வளவு?

ஹட்டன் கடைக்கணக்கு, 2025.11.13, காலை 8.15

ஜூலையில் பணம் போய்விட்டதே. ஒன்பது மாதம், 720,000.

கொட்டகலை வாசகி, 2025.11.13, பகல் 12.50

பயன்பாட்டுக்குத் தயாரான நாளிலிருந்து என்று படித்திருக்கிறேன். ஏழு மாதம், 560,000. ஓடத் தயாராக இருந்தும் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தால்?

பண்டாரவளைக் கணக்காளர், 2025.11.13, இரவு 9.05

560,000 சரி. தயாரான பின் நிறுத்தி வைத்திருந்தாலும் நேர்கோட்டு முறையில் தேய்வு ஓடிக்கொண்டுதான் இருக்கும். இதைக் குறுக்கு வினாவாகக் கேட்பார்கள், நீங்களே கேட்டுவிட்டீர்கள். பதிவேட்டில் வாகன இலக்கம், கொள்வனவுத் திகதி, தயாரான திகதி, கிரயம், இதுவரையான தேய்வு ஆகியவை தனித்தனி நிரல்களில் இருக்க வேண்டும் என்றும், பதிவேட்டின் கூட்டுத்தொகை பேரேட்டு மீதியோடு ஒத்துப்போக வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர், 2025.11.13, இரவு 9.40

பதிவேட்டில் உள்ள லொறி முற்றத்தில் நிற்கிறதா என்றும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் பிள்ளை. எங்கள் தோட்டத்துப் பதிவில், விற்றுப் பல வருடமான ஒரு ஜீப் இருந்தது.

கொட்டகலை வாசகி, 2025.11.13, இரவு 10.10

எழுதிக்கொண்டேன் ஐயா. சில்லறைக் காசு வரிக்கு இன்னும் ஒன்றும் தயாரிக்கவில்லை. கையிலிருக்கும் காசும் செலவுச் சீட்டுகளும் சேர்ந்து முற்பணத் தொகைக்குச் சமமாக வர வேண்டும் என்பதும், குறைந்தால் சொந்தப் பணத்தைப் போட்டு நிரப்பாமல் அன்றே அறிவிக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். சம்பள எதிர்பார்ப்பைக் கேட்டால் தொகை சொல்வதா, அவர்கள் சொல்லும்வரை இருப்பதா என்பதில் இங்கே யாருக்காவது அனுபவம் இருந்தால் நாளைக்குள் எழுதுங்கள்.

ஹட்டன் கடைக்கணக்கு, 2025.11.14, காலை 7.05

தொகையைச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் இருந்ததால்தான் இந்தப் பதினைந்து வருடம்.

பண்டாரவளைக் கணக்காளர், 2025.11.14, காலை 7.30

அவர்கள் சொல்லும்வரை இருங்கள் என்பது என் அபிப்பிராயம். ஆனால் கேட்டுவிட்டால் ஒரு வீச்சைச் சொல்லுங்கள். அது 8 வீதம் கழிப்பதற்கு முன்னான தொகை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.